நான்காம் நாள் விருந்தாளி

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். செய்யுளின் வனப்புகளை வகுத்துக் கூறும் தொல்காப்பியர், புதிதாகப் புனையப்படுவதற்கு விருந்து என்றே பெயரிட்டார். முன்பின் அறியாது வாசலில் வந்து நின்ற புதியவனும் அந்தச் சொல்லாலேயே குறிக்கப்பட்டான். இன்று நாம் சம்பந்திகளையும் மைத்துனர்களையும் அழைத்து உண்பதை விருந்து என்கின்றோம். அறிந்தவர் அறிந்தவர்க்கு இடும் சோற்றில் புதுமை எங்கே இருக்கின்றது? சொல் வீட்டுக்குள் நுழைந்துகொண்டு, அதற்கு உரியவனை வெளியே நிறுத்திவிட்டது.

அந்நியனை ஏற்றுக்கொள்ளுதல் பற்றி எல்லா மறைகளும் பேசுகின்றன. அவை ஒன்றையே பேசுகின்றன என்று மேடைகளிற் சொல்லக் கேட்டிருக்கின்றோம். சமய ஒற்றுமைக் கூட்டங்களுக்கு அவ்வளவு போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் ஓர் இரவு தங்கிப் போகும் வழிப்போக்கன் ஒருவகை அந்நியன்; வந்தவன் போக இடமின்றிப் பத்தாண்டு, இருபதாண்டு என்று தங்கிவிட்டால் அவன் வேறு வகை. முதலாமவனுக்குச் சோறு வேண்டும். இரண்டாமவனுக்குக் கிணறு வேண்டும், கூலி வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், வாக்குரிமை வேண்டும். மறைகள் இவ்விருவரைப் பற்றியும் ஒன்றையே கூறுகின்றனவா? இந்த வினாவை ஏட்டளவில் ஆராய வேண்டியதில்லை. அதனை முப்பதாண்டுக்கு மேலாக வாழ்ந்து பார்த்த கரை ஒன்று நம் நாட்டில் உண்டு.

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையில், ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்புமாக, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நாக்குத்தான் கற்பிட்டிக் குடாநாடு. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் அயல் அயலாக வாழும் நிலம் அது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வீட்டையும் கடையையும் நகையையும் விட்டு, கையில் ஒரு சிறு தொகையோடு அவர்கள் நடத்தப்பட்டார்கள். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வடக்கிலிருந்து இவ்வாறு துரத்தப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேற்பட்டவர்கள். அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். துரத்தியவர்களும் துரத்தப்பட்டவர்களும் பேசியது ஒரே மொழி என்பதைத் தமிழில் எழுதுகின்ற எவரும் தாண்டிச் செல்ல இயலாது.

இனி, இக்கட்டுரையின் அயலவர் இருவரைச் சொல்ல வேண்டும். கற்பிட்டிப் பக்கத்தில் வேலி ஒன்றின் இருபுறமும் இருக்கும் இரு முதியவர்களை நாம் எழுதுகோலால் படைத்துக்கொண்டோம். அவர்களைச் சூழ்ந்த நிகழ்ச்சிகளைப் படைக்கவில்லை. ஒருவர் முஸ்லிம், மணற்காணியில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர், இளமையில் மத்ரஸாவில் ஓதியவர். மற்றவர் கத்தோலிக்கர், கோவிலில் உபதேசியாராக இருந்து மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவர், நாலைந்து வயது இளையவர். இளையவர் மூத்தவரை நானா என்று அழைப்பார். மூத்தவர் அவரைத் தம்பி என்பார். அவர்களுடைய பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றித் தருகின்றோம். உப்புக்காற்றின் சுவை அதில் சற்றுக் குறைந்திருக்கும்.

பேச்சு ஆபிரகாமிலிருந்து தொடங்குகின்றது. அது இயல்பே. இரு மறைகளுக்கும் விருந்தோம்பலின் தந்தை அவரே. முஸ்லிம்களுக்கு அவர் இப்ராஹீம் நபி.

"எங்கள் ஆதியாகமத்தில் ஆபிரகாம் கூடார வாசலில் வெயில் நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார், நானா. மூன்று பேர் வருகிறார்கள். ஓடிப்போய்க் கும்பிட்டு, கொஞ்சம் அப்பம் தருகிறேன் என்கிறார். பிறகு பார்த்தால் மூன்று அளவு மாவில் அப்பம், இளங்கன்றின் இறைச்சி, வெண்ணெய், பால். சொன்னது கொஞ்சம், இட்டது மிகுதி. அவர்கள் உண்ணும்போது தாம் மரத்தடியில் நின்றுகொண்டிருக்கிறார்."

"குர்ஆனிலும் கன்று உண்டு, தம்பி. வந்தவர்களிடம் பசிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. சத்தமின்றி உள்ளே போய்ப் பொரித்த கன்றைக் கொண்டுவந்து அவர்களுக்கு அருகில் வைக்கிறார். ஆனால் ஒரு வேறுபாடு. உங்கள் ஏட்டில் அவர்கள் உண்டார்கள். எங்கள் ஏட்டில் அவர்களுடைய கை உணவை நோக்கிப் போகவில்லை. அவர்கள் மலக்குகள் அல்லவா? கை நீளாததைக் கண்டதும் இப்ராஹீம் நபிக்கு உள்ளத்தில் அச்சம் தோன்றிவிட்டது."

சிறிய வேறுபாடு எனினும் நாம் இதில் சற்று நிற்க விரும்புகின்றோம். விருந்தாளி உண்ணாவிட்டால் வீட்டுக்காரன் ஏன் அஞ்ச வேண்டும்? உண்டவன் நமக்குக் கடமைப்பட்டவன். நம் உப்பைத் தின்றவன். உண்ணாதவன் எந்தக் கட்டிலும் அகப்படாமல் நிற்கின்றான். விருந்தோம்பலில் அன்பு மட்டும் இல்லை. வந்தவனை நம் வசமாக்கிக்கொள்ளும் ஒரு பாதுகாப்பும் இருக்கின்றது. இடுபவன் கை மேலே, ஏற்பவன் கை கீழே. ஓர் இரவுக்கு இந்த ஏற்றத்தாழ்வு எவரையும் வருத்தாது. அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எவ்வாறிருக்கும் என்பதே நம் வினா.

நானா அடுத்து விளக்கை அணைத்த கதையைச் சொல்கின்றார். நபிகளிடம் பசியோடு வந்த ஒருவரை மதீனத்து அன்சாரி ஒருவர் வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றார். வீட்டில் பிள்ளைகளுக்கு உரிய உணவைத் தவிர வேறு இல்லை. பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு, விளக்கைச் சரிசெய்வதுபோல் எழுந்து அணைத்துவிட்டு, கணவனும் மனைவியும் இருளில் தாமும் உண்பதுபோற் பாவனை செய்கின்றார்கள். விருந்தாளி வயிறார உண்கின்றான். தமக்கே தேவை இருந்தும் பிறரை முற்படுத்தியவர்கள் என்று மதீனத்து மக்களைப் புகழும் இறைவசனம் இந்நிகழ்ச்சியை ஒட்டியது என்பது மரபு.

1990 ஆம் ஆண்டின் அந்த நாட்களில் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் நடந்தது இதற்கு மிகத் தாழ்ந்ததன்று. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. வீடுகளிலிருந்து சமைத்த சோறு போயிற்று, உடுபுடவை போயிற்று. தென்னந்தோட்டக்காரர் பலர் தம் தோட்டங்களில் கொட்டில் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தனர். மதீனத்து மக்கள் மக்காவிலிருந்து வந்தவர்களை ஏற்ற கதை எல்லார் வாயிலும் இருந்தது. வந்தவர்கள் முஹாஜிர்கள்; ஏற்றவர்கள் அன்சாரிகள். ஒரு பழைய கதை புதிய மக்களுக்குக் கடமையைக் கற்றுக்கொடுத்தது. மறை என்பது இவ்வாறு வேலை செய்யும்போது அதனை இகழ நமக்கு மனம் வருவதில்லை.

ஆனால் நபிமொழியில் ஒரு கணக்கும் உண்டு. விருந்தாளிக்குச் சிறப்பான உபசரிப்பு ஒரு பகலும் ஓர் இரவும். விருந்து மூன்று நாள். அதற்கு மேற்பட்டது தருமம். விருந்தளிப்பவனுக்கு இடர் உண்டாகும்வரை தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகாது. பாலைவனத்து மக்களின் நடைமுறை அறிவு இதில் இருக்கின்றது. வழிப்போக்கனுக்கு அது செவ்வையான விதி. கற்பிட்டிக்கு வந்தவர்களுக்கோ நான்காம் நாள் விடிந்தது. போவதற்கு வழி இல்லை.

நான்காம் நாளில் என்ன நடந்தது என்று அறிய வேண்டுமானால் மறையை மூடிவிட்டுக் கிணற்றைப் பார்க்க வேண்டும். கற்பிட்டியின் மணலுக்கு அடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. நிலத்தடி நீர் நூலார் கூறும் கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். ஆகவே மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்புநீர் 40 அடி ஏறிவரும். வெங்காயத் தோட்டங்களோ நாள் தவறாமல் நீர் கேட்பவை. இத்தகைய மண்ணில் புதிதாக ஒரு கிராமமே வந்து குந்தும்போது, கிணற்றுநீர் கரிக்கத் தொடங்கினால் பழி எங்கே போகும்? இயந்திரத்தால் இறைப்பவன்மீதும் உரம் கொட்டுபவன்மீதும் போகாது. குடத்தோடு வரிசையில் நிற்கும் புதியவள்மீது போகும். அவள் எடுப்பது குடக்கணக்கு. தோட்டம் குடிப்பது மணிக்கணக்கு. ஆயினும் கண்ணுக்குத் தெரிபவள் அவள்தான்.

கூலியும் அவ்வாறே. வந்தவர்களுட் கடை வைத்திருந்தவர்களும் தையற்காரர்களும் மீனவர்களும் காணி உடையவர்களும் இருந்தனர். எல்லாவற்றையும் இழந்தபின் அனைவரும் ஒரே நாளில் கூலிகளாயினர். அரசின் நிவாரண அரிசி கையில் இருந்தமையால், குறைந்த கூலிக்கும் உடன்படக் கூடியவர்களாகவும் ஆயினர். உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் வேலை செய்த உள்ளூர் ஏழை இதனால் நேராகப் பாதிக்கப்பட்டான். தோட்ட முதலாளிக்கோ அது நற்காலம். விருந்தோம்பலின் புகழ் ஊர் முழுவதற்கும் போயிற்று. அதன் செலவு ஊரிலுள்ள ஏழையின் தலையில் விழுந்தது. ஆதாயம் வேறோரிடத்திற் சேர்ந்தது. புத்தளத்தில் உள்ளூரார்க்கும் வந்தோர்க்கும் இடையே பின்னாளில் எழுந்த கசப்பை மனிதர்களின் நன்றியின்மை என்றோ, ஈரம் வற்றியமை என்றோ விளக்குவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் உபதேசியார் ஏட்டைப் புரட்டுகின்றார். கோவிற் பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படும் இடம் மத்தேயுவின் இருபத்தைந்தாம் அதிகாரம். இறுதித் தீர்ப்பின்போது, அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தம்மையே ஏற்றுக்கொண்டதாக ஆண்டவர் அங்கே கூறுகின்றார். எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தில், அறியாமலே வானதூதரை உபசரித்தவர்கள் உண்டு என்ற நினைவூட்டல் வருகின்றது. மிகப் பெரிய பேச்சுகள் இவை. உபதேசியார் அவற்றை ஐம்பது ஆண்டு கற்பித்தவர். எனினும் அவர் கேட்கின்றார்:

"வந்தவன் வானதூதன் என்று நினைத்துச் சோறு போட்டேன், நானா. நான்காம் மாதம் அவன் வானதூதன் அல்லன், வெறும் மனிதன் என்று கண்டுகொண்டேன். அப்போது நான் என்ன செய்வது?"

வினா ஆழமானது. அந்நியனுக்குள் ஆண்டவனைக் காண்பவன், அந்நியனைக் காண்கின்றானா? என் மோட்சத்துக்கு வழியாக ஒருவன் என் வாசலில் நின்றால், அவன் முகம் எனக்குத் தேவையில்லை. அவன் பசி மட்டும் போதும். பசி தீர்ந்து அவன் என்னோடு வாதாடத் தொடங்கும் நாளில் அவன் எனக்குப் பயன்படாதவனாகின்றான்.

ஆகவேதான் உபதேசியார் பிரசங்கங்களில் அதிகம் வராத பக்கங்களுக்குப் போகின்றார். லேவியராகமமும் உபாகமமும் சட்ட நூல்கள். வறண்டவை என்று ஒதுக்கப்படுபவை. அவற்றில் அந்நியனுக்கு இரண்டு சொற்கள் உண்டு. கடந்து போகும் வேற்று நாட்டான் ஒருவன்; அவனுக்கு எபிரேயத்தில் நொக்ரி என்று பெயர். ஊருக்குள் வந்து தங்கிவிட்டவன் மற்றவன், அவன் கேர். இந்தத் தங்கியவனைப் பற்றிய விதிகள் வியப்பானவை. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே; சிந்திய கதிரைப் பொறுக்காதே; அவை ஏழைக்கும் தங்கியவனுக்கும் உரியவை. கூலிக்காரன் உன் சகோதரனாயினும் தங்கியவனாயினும், பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடு. ஊரானுக்கும் தங்கியவனுக்கும் ஒரே சட்டம் இருக்கட்டும். அவனை உன்னைப்போல் நேசி; ஏனெனில் எகிப்து நாட்டில் நீங்களும் அவ்வாறே இருந்தீர்கள்.

வானதூதன் இங்கே இல்லை. வந்தவன் நல்லவனா, நன்றியுள்ளவனா என்ற விசாரணையும் இல்லை. பொழுது சாயுமுன் கூலி கொடுக்கப்பட்டதா என்பதே வினா. கூலி இருவருக்கும் ஒன்றாக இருந்தால் உப்பளத்து உள்ளூரானும் கெடுவதில்லை, வந்தவனும் கெடுவதில்லை. ஒரே சட்டம் என்ற அந்த வறண்ட வரி, ஆயிரம் கருணைப் பிரசங்கங்களை விட ஏழைகள் இருவரையும் ஒருவரோடொருவர் மோதாமற் காக்க வல்லது என்பது நம் துணிபு.

அந்த நூல்களின் மறுபக்கத்தையும் உபதேசியார் மறைப்பதில்லை. கடந்து போகும் வேற்று நாட்டானிடம் வட்டி வாங்கலாம் என்று உபாகமம் அனுமதிக்கின்றது, சகோதரனிடம் வாங்கலாகாது. அம்மோனியரும் மோவாபியரும் சபைக்குள் வரக் கூடாது என்று தடுக்கின்றது. ஒரே ஏட்டில் திறந்த கதவும் அடைத்த கதவும் இருக்கின்றன. எதன் முன் போய் நிற்பது என்பதை ஏடு தீர்மானிப்பதில்லை, படிப்பவன் தீர்மானிக்கின்றான்.

நானா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொல்கின்றார்:

"உங்கள் ஏடு எகிப்தை நினை என்கிறது. எங்கள் வசனம் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. மதீனத்து மக்கள் அதற்கு முன் அகதியாக இருந்தவர்கள் அல்லர். அவர்களைப் புகழும்போது, உள்ளத்தின் உலோபத்திலிருந்து காக்கப்பட்டவர்கள் என்கிறது. துன்பப்பட்டவனுக்கு நினைவு போதும். துன்பப்படாதவன் தன் உலோபத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்."

இருமறை ஒப்பீட்டில் நாம் கண்ட கூரிய வேறுபாடு இதுவே. ஒன்று நினைவின்மேல் கட்டப்பட்ட கடமை. மற்றது தன்னடக்கத்தின்மேல் கட்டப்பட்டது. நினைவு வலியது, ஆனால் ஓரிரு தலைமுறையில் மங்கும். அதை வைத்துக்கொண்டே வன்மம் வளர்ப்போரும் உண்டு. தன்னடக்கம் எந்த நாளும் புதிதாகத் தொடங்க வேண்டியது, களைத்துப் போவது. கற்பிட்டியின் தோட்டக்காரருக்குத் துரத்தப்பட்ட நினைவு இல்லை. அவருக்கு இருந்தது இரண்டாவது வழி மட்டுமே. அது எவ்வளவு காலம் தாங்கும்?

மதீனத்துக் கதையிலேயே இதற்கு ஒரு விடை இருக்கின்றது. பள்ளிப் பாடங்களில் அது பாதிதான் சொல்லப்படுகின்றது. நபிகள் அன்சாரி ஒருவரையும் முஹாஜிர் ஒருவரையும் இணைத்துச் சகோதரராக்கினார். சஅத் இப்னு ரபீஉ என்ற அன்சாரி, தம்மோடு இணைக்கப்பட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்குத் தம் செல்வத்திற் பாதியைத் தருவதாகக் கூறினார். பாடம் இங்கே நின்று, அன்சாரியின் வள்ளன்மையைப் போற்றும். வந்தவர் என்ன சொன்னார்? அல்லாஹ் உம் செல்வத்தில் அருள் புரியட்டும் என்று வாழ்த்திவிட்டு, சந்தைக்கு வழி எது என்று கேட்டார். பாலாடையும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்.

அன்சாரிகள் தம் பேரீச்சந் தோட்டங்களைப் பங்கிட்டுத் தர முன்வந்தபோதும் நபிகள் மறுத்துவிட்டார். வந்தவர்கள் தோட்டத்தில் உழைக்கட்டும், விளைவில் பங்கு பெறட்டும் என்ற ஏற்பாட்டை இரு சாராரும் ஒப்பினர். சில மரங்கள் மட்டும் கொடையாகக் கொடுக்கப்பட்டன. பின்னர் கைபர் வெற்றிக்குப் பிறகு முஹாஜிர்களுக்கு வசதி வந்தபோது, அம்மரங்கள் அன்சாரிகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

அன்பு மிகுந்த காலத்திலேயே அவர்கள் வரவையும் பங்கையும் வரையறுத்துக்கொண்டார்கள். கொடை கடனாக உறுத்தாமல் இருக்கும் வழி அது. புத்தளத்தில் கதையின் முற்பாதி எல்லார்க்கும் தெரிந்திருந்தது. பிற்பாதியை நடைமுறைப்படுத்த எவரும் இல்லை. அதைச் செய்திருக்க வேண்டியவர்கள் தோட்டக்காரரும் முகாமில் இருந்தவரும் அல்லர். காணியும் கூலியும் வாக்குரிமையும் அரசின் கையில் இருந்தன. அரசு நிவாரண அட்டை கொடுத்தது. வந்தவர்களுட் பெரும்பாலோரின் வாக்கு வடக்கிலேயே பதிவாகி இருந்தது. தேர்தல் நாளில் அவர்கள் புத்தளத்தில் நின்றுகொண்டு மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வாக்களித்தனர். வசிக்கும் ஊரின் தெருவைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அன்றும் மறுநாளும் அவர்கள் விருந்தாளிகள். பத்தாண்டு கழித்தும் விருந்தாளிகள். உலக வங்கியின் துணையோடு வீடமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது 2007 ஆம் ஆண்டில்தான். ஓலைக் கொட்டிலில் பிறந்த பிள்ளை அதற்குள் பதினாறு வயதை எட்டியிருந்தது.

அந்தப் பிள்ளையை ஊர் என்ன பெயர் சொல்லி அழைத்தது? அகதி. அச்சொல்லின் பகுப்பு எளியது: கதி இல்லாதவர். வந்தவர்களும் தம்மை அவ்வாறே அழைத்துக்கொண்டனர். தாம் சொல்லும்போது அது உரிமைக் குரலாக இருந்தது. பிறர் சொல்லும்போது இழிசொல்லாயிற்று. பழைய தமிழ் விவிலியத்தில் அந்நியனைக் குறிக்க வந்த பரதேசி என்ற சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அயல் தேசத்தான் என்று பொருள்பட்ட சொல், பிச்சைக்காரனைக் குறித்து, பின்னர் வசையாகவே ஆகிவிட்டது. அந்நியனை நேசி என்று மறை சொல்லும். மறை ஆண்ட சொல்லையே ஊர் வசையாக்கிக் கொள்ளும்.

உபதேசியாரிடம் இன்னொரு வினா இருந்தது. அதை அவர் நெடுநாள் கேட்காமல் வைத்திருந்தார்.

"அன்றைக்கு வள்ளத்தில் வந்தவர்கள் எங்கள் ஆட்களாக இருந்திருந்தால், நானா? அதே ஆண்டில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கரும் இந்துக்களும் மடுக் கோவிலுக்கும் இந்தியாவுக்கும் ஓடினார்கள். அவர்கள் இந்தக் கரைக்கு வந்திருந்தால் பள்ளிவாசல் திறந்திருக்குமா?"

நானா உடனே விடை சொல்லவில்லை. முஹாஜிரும் அன்சாரியும் ஒரே மார்க்கத்தவர் என்பது உண்மை. பிறகு அவர் வேறு வசனம் ஒன்றை எடுக்கின்றார். நன்மை செய்ய வேண்டியவர்களை நான்காம் அத்தியாயத்தில் குர்ஆன் வரிசைப்படுத்தும்போது, உறவினனான அயலவனையும் அந்நியனான அயலவனையும் தனித்தனியே குறிக்கின்றது. பின்னர் வழிப்போக்கனையும் சேர்க்கின்றது. அந்நியனான அயலவன் என்பது வேற்று மார்க்கத்தவனையும் உள்ளடக்கும் என்று உரை கண்டவர்கள் உண்டு. வேறோரிடத்தில் வழிப்போக்கனுக்குக் கொடுப்பதை அவனுடைய உரிமை என்றே கூறுகின்றது. ஹக் என்பது அச்சொல்.

"வசனம் இருக்கிறது, தம்பி. கதவு திறந்திருக்குமா என்று என்னைக் கேட்டால், சில கதவு திறந்திருக்கும், சில திறந்திரா. உங்கள் நீர்கொழும்பிலும் அப்படித்தானே நடந்தது?"

அவர் குறித்தது 2019 ஆம் ஆண்டை. ஏப்ரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய தேவாலயத்தில் குண்டு வெடித்தது. வழிபட வந்தவர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். அதன்பின் அந்நகரில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் அச்சுறுத்தப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் தம் நாட்டில் மதவெறியால் துரத்தப்பட்ட அஹ்மதியர், கிறித்தவர்களும் இருந்தனர். பள்ளிவாசல் ஒன்றிலும் பொலிஸ் நிலைய வளவிலும் தங்கிய அவர்களை வேறு ஊர்களுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது, ஆங்காங்கே எதிர்ப்பு எழுந்தது. மத்தேயுவின் இருபத்தைந்தாம் அதிகாரம் அந்த ஊர்க் கோவில்களிலும் வாசிக்கப்படுவதுதான். பிணங்களை அப்போதுதான் புதைத்துவிட்டு வந்த மக்களிடம் அதை எடுத்துச் சொல்வது எளிதன்று. ஆயினும் அந்த அகதிகள் குண்டு வைத்தவர்கள் அல்லர். குண்டு வைப்போரிடமிருந்து தப்பி வந்தவர்கள்.

உபதேசியார் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. தலவிலப் புனித அன்னம்மாள் கோவிலைப் பற்றிப் பேசினார். மார்ச் மாதத்திலும் ஓகஸ்ட் திருநாளிலும் நாடெங்குமிருந்து மக்கள் திரளும் அக்கோவிலின் தோற்றத்துக்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. மன்னாரிலிருந்து கொழும்புக்கு வேலை தேடி நடந்த ஏழைப் போர்த்துக்கேயன் ஒருவன் ஆலமரத்தடியில் உறங்கிக் கண்டது அந்தத் திருவுருவம் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரையொதுங்கியவர்கள் வைத்தது என்பது மற்றது. எந்தக் கதையை ஏற்றாலும், அந்தக் கரையின் மிகப் பெரிய திருத்தலத்தை நிறுவியவர்கள் வழி தவறியவர்களும் கரையொதுங்கியவர்களுமே. வரலாறு இதனை உறுதி செய்யுமா என்பது வேறு. ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை அது.

2009 ஆம் ஆண்டு போர் முடிந்தது. திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. சிலர் மன்னாருக்கும் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போயினர். வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. சில இடங்களில் வேறு குடிகள் இருந்தனர். இருபதாண்டு கழித்துத் திரும்பியவர்களைப் புதிதாகக் குடியேற வந்தவர்கள் என்று சொல்லிய வாய்களும் அங்கே இருந்தன. பலர் புத்தளத்திலேயே நின்றுவிட்டனர்; பிள்ளைகளுக்கு அதுவே ஊர். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு வாழ்பவர்களும் உண்டு.

நம் நானா தம் தென்னந்தோட்டத்தில் ஒரு பகுதியை 1990 இல் கொட்டில் போடக் கொடுத்தவர். பின்பு அதைக் கேட்டு வாங்கலாமா என்று பலமுறை எண்ணியவர். இரண்டு முறை வாய்விட்டுக் கேட்டும் இருக்கின்றார். முகாம் கலைந்தபோது இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காணியை ஒப்படைக்க வந்தவர்கள் கொட்டில்களின் தடிகளைப் பிடுங்கி, குழிகளை மூடி, கிணற்றைச் சேறு வாரித் துப்புரவாக்கிக் கொடுத்துச் சென்றார்கள். போகும்போது ஒருவர், அங்கே தாங்கள் வைத்த எட்டு முருங்கை மரங்களை வெட்டிவிடவா என்று கேட்டார்.

"வெட்ட வேண்டாம் என்றேன், தம்பி. அவர் வைத்த மரம், என்னுடைய மண். காய் யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் காய்க்கிறது."

"ஏட்டில் அதற்கு விதி இல்லையா, நானா?"

"இருக்கும். பார்க்க வேண்டும்."